மொழி தெரியாத மெனுவும் மயிலாப்பூர்க் கச்சேரியும்

தரமணி திரைப்படக் கல்லூரியில் படித்தவரானாலும் தி.நகரில் கல்யாண வீடியோ வெட்டுபவரானாலும், சென்னையில் எடிட்டிங் கற்ற அனைவரும் ஆங்கில மெனுவில்தான் கற்றிருக்கிறார்கள். Premiere Pro, DaVinci Resolve போன்ற பெரிய செயலிகளில் தமிழ் மெனு கிடையாது. அந்த மெனுவில் உள்ள ஆங்கிலம் எல்லாம் அவர்களுக்குப் புரிகிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. எத்தனையோ நல்ல எடிட்டர்கள் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதத் தயங்குவார்கள், ஆனால் இரண்டு மணி நேரக் கச்சேரியை ஒரே இரவில் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். அவர்களுடைய கைக்கு இடம் தெரியும், சுருக்கு விசை தெரியும், படக்குறி தெரியும். மெனுவில் எழுதியிருக்கும் சொல் அவர்களுக்குக் கடைசித் துணைதான்.

ஜெர்மன் மெனுவோ ரஷ்ய மெனுவோ முன்னால் வந்து நிற்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி வருவதும் அரிதல்ல. ஸ்டட்கார்ட்டில் வேலை பார்த்துத் திரும்பிய மருமகன் தன் மடிக்கணினியை மாமாவிடம் விட்டுப் போகிறார். நுங்கம்பாக்கம் மேக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படிக்கும் பெண், பழக்கத்துக்காகக் கணினியின் மொழியையே மாற்றி வைக்கிறாள். இணையத்தில் உலவும் உரிமமில்லாத செயலித் தொகுப்புகளில் ரஷ்யாவிலிருந்து வருபவை நிறைய. அவற்றை நிறுவினால் மெனு ரஷ்ய மொழியில் திறக்கும். அந்த மூன்றாவது வகையைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: அதை நீக்கிவிடுங்கள். உள்ளே வேறு என்ன ஒளிந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. DaVinci Resolve-இன் இலவசப் பதிப்பும் Kdenlive என்ற கட்டற்ற மென்பொருளும் கச்சேரி வீடியோவுக்குத் தாராளமாகப் போதும். மற்ற இரண்டு வகையிலும் மெனுவைப் படிக்கத் தெரிந்தாக வேண்டும்.

செயலிக்குள் நடப்பதை முதலில் பார்ப்போம். மெனுவில் ஒரு வரியை நாம் சொடுக்கும்போது, அங்கே எழுதியிருக்கும் சொல் செயலியின் உள்ளே போவதில்லை. விண்டோஸில் ஒவ்வொரு மெனு வரிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. சொடுக்கியதும் அந்த எண்தான் அனுப்பப்படுகிறது. சொல், கதவுக்கு மேலே மாட்டிய பெயர்ப்பலகை. எண், கதவு இலக்கம். பலகையை எந்த மொழியில் எழுதினாலும் தபால் அதே கதவுக்குத்தான் போகும். மொழிபெயர்ப்பாளரின் வேலை பலகை எழுதுவதோடு முடிந்துவிடுகிறது. Kdenlive போன்ற கட்டற்ற மென்பொருள்களில் இந்தப் பலகைகளின் பட்டியலை யாரும் திறந்து பார்க்கலாம். அது இப்படி இருக்கும்:

```
msgid "Render"
msgstr "Rendern"
```

மேல் வரி, செயலியை எழுதியவர் வைத்த மூலச் சொல். கீழ் வரி, ஜெர்மன் பயனர் திரையில் காண்பது. கீழ் வரி காலியாக இருந்தால் மூலச் சொல்லே திரையில் தோன்றும். பாதி ஜெர்மன், பாதி ஆங்கிலம் என்று சில மெனுக்கள் கலந்து காணப்படுவதற்குக் காரணம் இதுதான். பிழை ஒன்றுமில்லை, அந்த வரி இன்னும் மொழிபெயர்க்கப்படவில்லை.

பலகை மட்டுமே மாறுகிறது என்றால் மாறாமல் இருப்பவை எவை? முதலாவது, வரிசை. ஐபிஎம் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட பயனர் இடைமுக நெறிகளின் காலத்திலிருந்து, கோப்பு மெனு முதலிலும் திருத்த மெனு இரண்டாவதாகவும் உதவி மெனு கடைசியிலும் வருவது வழக்கமாகிவிட்டது. சாளர மெனு உதவிக்கு முந்தியது. இரண்டாவது, ஒரு வரியின் முடிவில் வரும் மூன்று புள்ளிகள். அந்த வரியைச் சொடுக்கினால் உடனே எதுவும் நடந்துவிடாது, இன்னொரு பெட்டி திறந்து நம்மைக் கேட்கும் என்று அதற்குப் பொருள். மொழி தெரியாதவருக்கு இது பெரிய பாதுகாப்பு. புள்ளிகள் உள்ள வரியைப் பயமில்லாமல் திறந்து பார்த்து Esc விசையால் வெளியே வந்துவிடலாம். மூன்றாவது, வரியின் வலது ஓரத்தில் எழுதியிருக்கும் சுருக்கு விசை. நான்காவது, படக்குறிகள். ஐந்தாவது, எண்களும் H.264, MP4, WAV போன்ற வடிவப் பெயர்களும்.

இவற்றை வைத்துக்கொண்டு ஒரு வேலையை முழுவதும் செய்து பார்ப்போம். மார்கழி மாதம், மயிலாப்பூரில் ஒரு சபா. இரண்டு கேமரா: ஒன்று மேடை முழுவதையும் பார்க்கிறது, மற்றொன்று பாடகரை நெருக்கத்தில் காட்டுகிறது. ஒலி, அரங்கின் மிக்சரிலிருந்து தனியாக வந்திருக்கிறது. கையில் இருப்பது ஜெர்மன் மெனு கொண்ட Premiere Pro. மேலே இடமிருந்து வலமாக Datei, Bearbeiten, Clip, Sequenz என்று தொடங்கி, Fenster, Hilfe என்று முடிகிறது. முதலாவது கோப்பு, கடைசி உதவி, அதற்கு முந்தியது சாளரம். ஏதாவது பலகம் காணாமல் போனால் Fenster-இல்தான் தேட வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

கருவிகள் ஒரு சிறிய பட்டையில் படங்களாக இருக்கின்றன. அம்புக்குறி தேர்வுக் கருவி, பிளேடு வெட்டும் கருவி, கை திரையை நகர்த்த, T எழுத்து தலைப்பு எழுத. அம்புக்கு V, பிளேடுக்கு C என்ற விசைகள் ஜெர்மன் மெனுவிலும் அவைதான். J, K, L மூன்றும் பின்னோட்டம், நிறுத்தம், முன்னோட்டம். I தொடக்கக் குறி, O முடிவுக் குறி. கச்சேரியை வெட்டுவதில் பெரும்பகுதி இந்த ஏழெட்டு விசைகளிலேயே முடிந்துவிடும்.

அடுத்தது அடுக்குகள். எடிட்டிங் செயலியில் அடுக்கு என்பது காலக்கோட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் தடங்கள். ஜெர்மனில் தடத்துக்கு Spur என்று பெயர். After Effects போன்ற செயலிகளில் அடுக்குக்கு Ebene என்று பெயர். பெயர் தெரியாவிட்டாலும் V1, V2, A1, A2 என்ற குறிகள் அப்படியே நிற்கின்றன. காட்சித் தடங்கள் நடுவிலிருந்து மேலே ஏறுகின்றன, ஒலித் தடங்கள் கீழே இறங்குகின்றன. மேலே உள்ள காட்சி கீழே உள்ளதை மறைக்கும். ஆகவே முழு மேடை V1-இல், பாடகரின் நெருக்கக் காட்சி V2-இல், பாடல், ராகப் பெயர்கள் V3-இல். கேமராவின் சொந்த ஒலி A1, மிக்சர் ஒலி A2. கண் படம் தடத்தைக் காட்டும் அல்லது மறைக்கும், பூட்டுப் படம் கை தவறி மாற்றிவிடாமல் காக்கும்.

புது மெனுவில் அதிகம் தவறுவது ஒலியில்தான். A1-ஐ அணைக்க மறந்துவிட்டால் கேமரா ஒலியும் மிக்சர் ஒலியும் சேர்ந்து ஒலிக்கும். அரங்கின் பின்வரிசையில் இருந்த கேமராவுக்குச் சத்தம் சற்றுத் தாமதமாக வருகிறது. ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். 17 மீட்டர் தூரத்துக்கு இருபதில் ஒரு பங்கு விநாடி ஆகும். மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை விழுவது போலக் கேட்டால் காரணம் இதுதான். A1-இன் தலைப்பில் உள்ள M பொத்தான் அதன் வாயை அடைக்கும்.

இனி ஏற்றுமதி. Datei மெனுவில் Exportieren, அதற்குள் Medien… என்ற வரி. மூன்று புள்ளிகள் இருக்கின்றன, பெட்டி திறக்கும். வலது ஓரத்தில் Strg+M என்று எழுதியிருக்கும். ஜெர்மன் விசைப்பலகையில் நம் Ctrl விசைக்கு Strg என்று பெயர். ஆங்கில மெனுவிலும் இதற்கு Ctrl+M தான், ஆகவே மெனுவையே திறக்காமலும் போகலாம். திறந்த பெட்டியில் சொற்களை விட்டுவிட்டு எண்களைத் தேட வேண்டும். Format என்ற இடத்தில் H.264. அகலமும் உயரமும் 1920, 1080. ஜெர்மன் முறையில் ஆயிரத்துக்குப் புள்ளி வைப்பதால் இது 1.920 என்றும் தோன்றலாம், அதைத் தசமம் என்று எண்ணிக் குழம்ப வேண்டாம். விநாடிக்கு 25 சட்டகம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மேடை விளக்குகள் அந்தத் தாளத்தை ஒட்டித் துடிக்கக்கூடியவை; 25-இல் படம் பிடித்ததை 25-இலேயே வெளியே எடுக்க வேண்டும். கடைசியாக Mbit/s என்று முடியும் வரி, அதாவது விநாடிக்கு எத்தனை மெகாபிட். யூடியூபில் ஏற்ற 1080 அளவு காட்சிக்கு 8 போதும்.

சரியான எண்ணைத்தான் கொடுத்தோமா என்று மொழி தெரியாமலேயே சரிபார்க்க ஒரு வழி உண்டு. கச்சேரி இரண்டு மணி நேரம், அதாவது 7200 விநாடி. விநாடிக்கு 8 மெகாபிட் என்றால் 57,600 மெகாபிட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட், எனவே 7200 மெகாபைட், அதாவது 7.2 ஜிபி, ஒலிக்கு இன்னும் கொஞ்சம். பெட்டியின் அடியில் MB அல்லது GB என்று முடியும் ஒரு மதிப்பீடு இருக்கும். அது 7-க்குப் பக்கத்தில் இருந்தால் சரி. 70 என்று காட்டினால் எங்கோ ஒரு புள்ளியோ காற்புள்ளியோ தவறிவிட்டது. சில நூறு எம்பி என்று காட்டினால் காலக்கோட்டின் ஒரு சிறு பகுதிதான் வெளியே போகிறது. பழைய I, O குறிகள் எங்கோ நிற்கின்றன. பாடகரிடம் பென்டிரைவில் கொடுப்பதானால், பழைய FAT32 அமைப்பில் உள்ள பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முறையான செயலியிலும் ரஷ்ய மெனு எதிர்ப்படலாம். அது முதல் பார்வையில் இதைவிடப் பயமுறுத்தும். ஆனால் பத்துப் பன்னிரண்டு எழுத்துகளின் ஒலி தெரிந்தால் அது ஜெர்மனைவிட எளிது என்பது என் எண்ணம். ஜெர்மனில் எழுத்து தெரிந்தது, சொல் தெரியாதது; Ebene என்று வாசித்துவிடலாம், ஆனால் அது அடுக்கு என்று ஊகிக்க முடியாது. ரஷ்ய மொழியில் எழுத்து புதியது, கணினிச் சொற்களோ பாதிக்கு மேல் நமக்குத் தெரிந்த இரவல் சொற்கள். Экспорт என்பதை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். Э என்பது எ, к என்பது க், с என்பது ஸ், п என்பது ப், о அதே ஒ, р என்பது ர், т என்பது ட். சேர்த்துச் சொன்னால் எக்ஸ்போர்ட். Видео வீடியோ, Аудио ஆடியோ, Формат ஃபார்மட், Эффект எஃபெக்ட், Файл ஃபைல், Проект ப்ரொயெக்ட். ஏமாற்றும் எழுத்துகள் நான்கைந்துதான்: Р நமக்குப் பீ போலத் தெரியும், ஆனால் அது ர, Н என்பது ந, В என்பது வ, С என்பது ஸ, У என்பது உ. கணினிச் சொல்லாக இல்லாமல் சொந்த ரஷ்யச் சொல்லாக வருபவற்றில் இரண்டை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும்: Слой அடுக்கு, Окно சாளரம். ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையில் இருக்கும் ரஷ்யப் பண்பாட்டு மையம்வரை இதற்காகப் போக வேண்டியதில்லை. ஒரு மாலை நேரம் போதும்.

விசைப்பலகை தனி விஷயம், அதை மெனு மொழியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஜெர்மன் விசைப்பலகையில் Y, Z இரண்டும் இடம் மாறி இருக்கும். செய்ததை மீட்க Ctrl+Z அழுத்தினோம், மீளாமல் வேறு ஏதோ நடந்தது என்றால் விரல் பழைய இடத்துக்குப் போய் Ctrl+Y-ஐ அழுத்தியிருக்கிறது. எழுத்தே வேறாக உள்ள விசைப்பலகை அமைப்பு இயங்கும்போது, சில செயலிகளில் ஓரெழுத்துச் சுருக்கு விசைகள் வேலை செய்வதில்லை. V விசை அப்போது V-ஐ அனுப்புவதில்லை. தமிழ் எடிட்டர்கள் இதை ரஷ்ய மெனு இல்லாமலேயே சந்தித்திருப்பார்கள். V3-இல் ராகத்தின் பெயரைத் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்துவிட்டு, ஆங்கிலத்துக்கு மாற்றாமல் V-ஐ அழுத்தினால் தேர்வுக் கருவி வராது. அங்கே அந்த விசைக்கு 'வ' என்று பொருள். செயலி உறைந்துவிட்டது என்று பலர் கணினியையே அணைத்துவிடுகிறார்கள். விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றினால் போதும்.

மெனு மொழியையே மாற்றிவிட முடியாதா என்று கேட்கலாம். முடியும், ஆனால் மாற்றும் இடமும் அதே அந்நிய மெனுவுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. DaVinci Resolve-இல் Ctrl விசையையும் காற்புள்ளி விசையையும் சேர்த்து அழுத்தினால் விருப்பங்கள் பெட்டி திறக்கும். அதன் இரண்டாவது தாவலில் இடைமுக அமைப்புகளுக்குள் மொழிப் பட்டியல் இருக்கிறது. பொதுவாக இத்தகைய பட்டியல்களில் ஒவ்வொரு மொழியும் தன் பெயரைத் தன் எழுத்திலேயே எழுதியிருக்கும். English என்பதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. தேர்ந்து, செயலியை மூடித் திறக்க வேண்டும். அதற்கும் பொறுமை இல்லையென்றால், Resolve-இல் ஏற்றுமதிப் பக்கம் கீழ் வரிசையில் ராக்கெட் படமாக நிற்கிறது. Shift+8 அங்கே கொண்டுபோய்விடும்.

Premiere-இல் Ctrl+F12 அழுத்தினால் Console என்ற பலகம் வரும். அதன் பெயருக்குப் பக்கத்து மெனுவில் Debug Database View என்பதைத் தேர்ந்து, ApplicationLanguage என்று தேடி, அங்கே en_US என்று எழுதி, செயலியை மூடித் திறந்தால் ஆங்கிலம். இந்தப் பலகம் எந்த மொழிப் பதிப்பிலும் ஆங்கிலத்தில் இருப்பதற்குக் காரணம், அது பயனருக்காக வைத்ததல்ல. செயலியை எழுதுபவர்கள் சோதனைக்கு வைத்துக்கொண்ட வாசல், மொழிபெயர்ப்பாளர் அங்கே போகவே இல்லை. After Effects இன்னும் எளிது. ஆவணங்கள் கோப்புறையில் இந்தப் பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை வைத்தால் போதும்:

```
ae_force_english.txt
```

இது பலருக்கு வேலை செய்யாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்து வைக்கிறது. நாம் .txt என்று சேர்த்து எழுத, அது தானாக இன்னொரு .txt-ஐ ஒட்டிக்கொள்கிறது. பெயரின் முடிவில் அது இருமுறை இருந்தால் செயலிக்கு அந்தக் கோப்பு தெரியாது.

மேலே சொன்ன பெயர்ப்பலகைக் கணக்கு மெனுவுக்குப் பொருந்தும், ஆனால் எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை. சில இடங்களில் திரையில் காணும் சொல்லே வேலையின் உள்ளே கலந்துவிடுகிறது. அங்கே மொழி மாறினால் வேலையே உடையும். தி.நகரில் கல்யாண வீடியோ செய்பவர்கள் இணையத்தில் வாங்கும் After Effects வார்ப்புருக்களில் இதைப் பார்த்திருப்பார்கள். மணமக்கள் பெயர் சுழன்று வரும் அசைவை ஒரு சறுக்குப் பிடியால் கட்டுப்படுத்தும் சிறு நிரல் அதில் இருக்கும்:

```
effect("Zoom")("Slider")
```

Zoom என்பது வார்ப்புருவைச் செய்தவர் வைத்த பெயர், அது எங்கே போனாலும் மாறாது. Slider என்பதோ மெனுவில் காணும் பெயர். ஜெர்மன் பதிப்பில் அந்த இடம் Schieberegler என்று இருக்கிறது. ஆகவே அங்கே இந்த வரி தேடும் பொருள் கிடைக்காமல் நின்றுவிடும். அசைவு நின்று, அந்த அடுக்கில் மஞ்சள் எச்சரிக்கைக் குறியும் காட்சிப் பலகத்தின் அடியில் பிழைச் செய்திப் பட்டையும் வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எதிர்த்திசையிலும் இதே கதை: ஜெர்மன் பதிப்பில் Schieberegler என்று எழுதிச் சேமித்ததை நாம் ஆங்கிலத்துக்கு மாற்றித் திறந்தால் உடையும். எந்த மொழியில் செய்தார்களோ அதே மொழியில் திறந்தால் ஓடும். நிலையான மருந்து, பெயருக்குப் பதிலாக வரிசை எண்ணைக் கொடுப்பது:

```
effect("Zoom")(1)
```

முதல் அமைப்பு என்று சொன்னால் அது எந்த மொழியிலும் முதல் அமைப்புதான்.

இதே கசிவு Kdenlive-இல் ஒரு நிறுத்தற்குறி வழியாக நடந்தது. ஜெர்மானியரும் ரஷ்யரும் தசமத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, காற்புள்ளி வைக்கிறார்கள், நாம் 0.5 என்று எழுதுவதை 0,5 என்று எழுதுவார்கள். பழைய பதிப்புகளில், கணினியின் வட்டார அமைப்பு ஜெர்மனாக இருந்தால் திட்டக் கோப்புக்குள்ளும் காற்புள்ளியே பதிவாகும். அந்தக் கோப்பை நம் ஊர்க் கணினியில் திறக்கும்போது, எண்ணை வாசிக்கும் நிரல் 0 வரை வாசித்து, காற்புள்ளியைக் கண்டதும் எண் முடிந்தது என்று நிறுத்திக்கொள்ளும். பாதி ஒளிபுகாமையோடு வைத்த ராகப் பெயர் முழுவதும் மறைந்துபோகும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. 2020 ஆகஸ்டில் வந்த 20.08 பதிப்பிலிருந்து கோப்புக்குள் எப்போதும் புள்ளிதான் என்று மாற்றிவிட்டார்கள். பழைய திட்டம் ஒன்று கைக்கு வந்து, தலைப்புகள் காணாமல் போயிருந்தால், கோப்பை ஓர் எளிய எழுத்துச் செயலியில் திறந்து முதல் சில வரிகளில் LC_NUMERIC என்பதைத் தேடுங்கள். அங்கே

```
LC_NUMERIC="de_DE.UTF-8"
```

என்று இருந்தால் கோப்பு ஜெர்மன் முறையில் எண் எழுதியிருக்கிறது. ru_RU என்று இருந்தால் ரஷ்ய முறை. அசல் கோப்பைப் பத்திரமாக ஒரு பிரதி எடுத்துவிட்டு, 20.08-க்குப் பிந்தைய பதிப்பில் அதைத் திறந்து வேறு பெயரில் சேமித்த பிறகு, ஒவ்வொரு தலைப்பின் ஒளிபுகாமை எண்ணையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஏற்றுமதிக்குப் போக வேண்டும்.